நான்கு பக்கங்களில் 20,000 ஆண்டுகள்

அந்த ஆய்வுக் கட்டுரை மொத்தமே நான்கு பக்கம்தான். ஊட்டியில் முதுகலை முதலாண்டு சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு மாணவி, கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள், அதை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மழையில் தாள்களின் ஓரம் நனைந்திருந்தது. முதல் பக்கம் முழுக்க மஞ்சள் மை. கிட்டத்தட்ட எல்லா வரிக்கும் பூசியிருந்தாள். ஓரங்களில் பென்சிலால் அகராதிப் பொருள்கள். இரண்டாம் பக்கத்தின் பாதிக்கு மேல் தாள் வெள்ளையாகவே இருந்தது.

“மூன்று மாலை உட்கார்ந்தேன் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்துவிட்டது. மொத்தத்தில் என்ன சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.”

கட்டுரை 1993-இல் நேச்சர் இதழில் வந்தது. எழுதியவர்கள் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன். நீலகிரியின் மேல்மலைச் சதுப்புகளில் படிந்திருக்கும், பாதி மக்கிய செடிகளால் ஆன பீட் மண்ணை எடுத்து, அதிலுள்ள கரிமத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து, சுமார் 20,000 ஆண்டுகளில் இந்த மலையின் ஈரமும் வறட்சியும் எப்படி மாறிவந்தன என்று சொல்கிறது. தினமும் பஸ் ஜன்னல் வழியே அவள் பார்க்கிற புல்வெளியைப் பற்றிய கட்டுரை. அப்படியும் அது அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் மேல் தவறில்லை. முதலாண்டில் வகுப்பில் சொல்லித்தருவது ஒரே வழி: சுருக்கத்தைப் படி, முன்னுரையைப் படி, செய்முறையைப் படி, முடிவுகளைப் படி. அந்தக் காலத்து நேச்சர் கடிதக் கட்டுரைகளில் இந்தத் தலைப்புகள் எதுவும் இருக்காது. தடித்த எழுத்தில் ஒரு பத்தி, அதுதான் சுருக்கம். அதன்பின் தலைப்பே இல்லாமல் ஓடும் உரை. செய்முறையில் பெரும்பகுதி படங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். முதல் வரியிலிருந்து ஒழுங்காகப் படித்துக்கொண்டு போகிறவர், எப்படி அளந்தார்கள் என்பது தெரியாமலேயே என்ன கண்டார்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்வார். அங்கேதான் அவள் நின்றுபோயிருந்தாள்.

தாளைத் திருப்பிப் போடச் சொன்னேன். தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தக் கட்டுரை தன் கையால் எதை அளந்தது, கடைசியில் எதைச் சொல்ல வருகிறது என்று கேட்டேன். அளந்தது கரிமம், சொல்வது பருவநிலை. இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம். மழையை யாரும் அளக்கவில்லை. 20,000 ஆண்டுக்கு முன் பெய்த மழையை அளக்க முடியாது. ஆக, சேற்றிலிருந்து மழைவரை ஒரு சங்கிலி இருந்தாக வேண்டும். அந்தச் சங்கிலியின் கண்ணிகளைத் தேடி எடுப்பதுதான் இத்தகைய கட்டுரையைப் படிப்பது. கண்ணியில்லாத வரிகளை முதல் முறை தாண்டிப் போகலாம்.

நோட்டில் மேலிருந்து கீழாக ஐந்து சொற்களை எழுதினோம்: பீட், கரிம விகிதம், செடி வகை, ஈரம், பருவமழை. அடுத்தடுத்த சொற்களுக்கு இடையே ஒரு கோடு. நான்கு கோடு. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும், எதை நம்பி இங்கிருந்து அங்கே தாவுகிறார்கள் என்று ஒரு வரி எழுத இடம் விட்டோம். பிறகுதான் தாளைத் திருப்பினோம். அதுவும் உரைக்குப் போகவில்லை, படத்துக்குப் போனோம்.

இத்துறை வரைபடங்களில் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: அச்சின் எண்கள். δ13C என்று குறிக்கப்படும் அளவு செடிகளிலும் பீட்டிலும் எதிர்மமாகவே இருக்கும். கனமான கரிமம் 13, லேசான கரிமம் 12, இவ்விரண்டின் விகிதம் ஒரு பொதுத் தர மாதிரியிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகியிருக்கிறது என்பதே அந்த எண். செடிகள் லேசான கரிமத்தையே விரும்பி எடுப்பதால் எல்லாச் செடிகளுக்கும் எண் பூச்சியத்துக்குக் கீழே போகிறது. எவ்வளவு கீழே என்பது ஒளிச்சேர்க்கை முறையைப் பொறுத்தது, அம்முறையை வைத்துத்தான் செடிகளை சி3, சி4 என்று பிரிக்கிறார்கள். சோலை மரங்கள், நெல், கோதுமை போன்ற சி3 செடிகளுக்குச் சராசரி −27 அளவில் இருக்கும். கரும்பு, சோளம், கேழ்வரகு, வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை ஆகிய சி4 செடிகளுக்கு −13 அளவில்.

அவளிடம் வளைகோட்டின் இரண்டு ஓரங்களைக் காட்டி, இதில் எந்தப் பக்கம் சி4 புல் என்று கேட்டேன். −27 பக்கத்தைத் தொட்டாள். 27 பெரிய எண், அதிலும் கனமான கரிமம் அதிகம் என்றார்களே, அதனால் சி4 என்றாள். மூன்று மாலை உழைப்பும் இந்த இடத்தில் கவிழ்ந்திருக்கிறது. −13 என்பது −27-ஐவிடப் பெரியது. கனமான கரிமம் அதிகமிருப்பதும் அதில்தான். திசை தலைகீழாக மனதில் பதிந்துவிட்டால் அதன்பின் வரும் ஒவ்வொரு வாக்கியமும் முரண்பாடாகத் தெரியும், படிக்கிறவர் தன் ஆங்கிலத்தைக் குறை சொல்லிக்கொள்வார். வறண்ட காலம் என்று உரை சொல்லும் இடத்தில் படத்தில் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரே ஒரு முறை ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். அச்சின் இரு முனைகளிலும் பென்சிலால் ‘சி4’, ‘சி3’ என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இவ்வகைப் படங்களில் ஆழம் கீழ்நோக்கிப் போகும், அடியில் இருப்பது பழையது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளலாம்.

இனி ஒரு கணக்கு. கட்டுரையில் கணக்கு கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் நாமே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. பீட்டில் ஓர் அடுக்கின் அளவு −20 என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கில் சி4 செடியின் பங்கு எவ்வளவு? இரண்டு முனைகளுக்கும் நடுவே 14 அலகு இடைவெளி. −27-இலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து 14-ஆல் வகுத்தால் போதும்.

```
x = (δ + 27) / 14
δ = −20  →  x = 7 / 14 = 0.50
```

சரிபாதி. இப்போது முனைகளைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தோம். −27, −13 இரண்டும் சராசரிகள்தாம், இயற்கையில் செடிக்குச் செடி மாறும். முனைகளை −26, −12 என்று வைத்தால் அதே −20-க்கு விடை 6/14, அதாவது 43 விழுக்காடு. −28, −14 என்று வைத்தால் 8/14, 57 விழுக்காடு. ஒரே ஓர் அலகு இப்படியும் அப்படியும் நகர்ந்ததற்கே விடை 14 விழுக்காடு புரள்கிறது. ஆகவே வளைகோட்டில் அரை அலகு நெளிவுகளைப் பார்த்துக் கதை கட்டக் கூடாது. ஐந்தாறு அலகு ஆடுகிற பெரிய அலைகளை நம்பலாம். கணக்குக்கு ஐந்து நிமிடம் ஆனது. படத்தின் எந்த மேடு பள்ளத்துக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். இதற்குப் பிறகுதான் தடித்த பத்தியைப் படிக்கவிட்டேன். மூன்று நிமிடத்தில் முடித்தாள்.

கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தை ஒட்டிய காலத்தில் வறட்சியைத் தாங்கும் சி4 செடிகள் மேலோங்கியிருந்தன, அதாவது மலை வறண்டிருந்தது. பிறகு சி3 பெருகி, சுமார் 11,000 ஆண்டுக்கு முன் ஈரம் உச்சத்தைத் தொட்டது. ஏறத்தாழ 6,000 முதல் 3,500 ஆண்டுக்கு முன்புவரை மறுபடி வறட்சி. சுமார் 600 ஆண்டுக்கு முன் சிறிது காலம் ஈரம் திரும்பியது. ஆப்பிரிக்காவிலும் பிற வெப்பமண்டலப் பகுதிகளிலும் கிடைத்த பதிவுகளோடு இது பொருந்துவதால், நீலகிரி ஏதோ தனிக்கதை சொல்லவில்லை என்பது வாதம்.

வாதம் புரிந்ததும் படிப்பு முடிந்துவிட்டதாகத் தோன்றும். நான் அப்படித்தான் நினைத்தேன். முதுகலைக் காலத்தில் இதே கட்டுரையை வைத்துக் கருத்தரங்கில் பேசினேன். 11,000 ஆண்டுக்கு முன் இந்த மலையெல்லாம் சோலைக்காடு என்று படம் போட்டுக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, சி3 என்றால் காடு என்று உங்களுக்கு யாரம்மா சொன்னது என்றார். பதில் இல்லை. நல்லவேளை, தேநீருக்கு மணியடித்தார்கள்.

நான் தாண்டிப்போனது மூன்றாம் சொல்லான செடி வகை. கரிம விகிதம் சொல்வது ஒளிச்சேர்க்கை முறையை மட்டுமே, செடியின் உருவத்தை இல்லை. மேல்மலையில் குளிருக்கு ஈடுகொடுக்கும் சி3 புற்களும் உண்டு, சிறு பூண்டுகளும் உண்டு. உயரம் கூடக்கூடப் புற்களிலேயே சி3-இன் பங்கு கூடும். சதுப்புக்குள்ளேயே வளரும் கோரைகளில் இரண்டு வகையும் இருக்கின்றன. பீட்டில் முதலில் விழுந்து மக்குவது அவைதான், மேட்டில் நிற்கும் சோலை மரத்தின் இலை அதன்பிறகுதான். ஆகவே சி3 பெருகியது என்பதை ஈரம் பெருகியது என்று வாசிக்க ஓரளவு இடமுண்டு. காடு பெருகியது என்று வாசிக்க மகரந்தம் போன்ற வேறு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி தனியாகவே இருக்கிறது: சாண்டிநல்லா சதுப்பின் மகரந்தத்தை ஆராய்ந்து வசந்தி 1988-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். ஐசோடோப்புக் கட்டுரையைப் படிப்பவர் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஈரம் என்ற நான்காம் சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சி4 செடிகள் வறட்சியில் மட்டும் ஜெயிப்பதில்லை. காற்றில் கரியமில வாயு குறைந்தாலும் ஜெயிக்கும். இலைக்குள்ளேயே அந்த வாயுவைத் திரட்டிச் செறிவாக்கிக்கொள்ளும் அமைப்பு அவற்றுக்கு உண்டு, சி3 செடிகளுக்கு இல்லை. பனியுகத்தின் உச்சத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 180, 190 பங்குதான். தொழிற்புரட்சிக்கு முன் அது சுமார் 280. அப்படியானால் பனியுகத்து நீலகிரியில் சி4 மேலோங்கியதில் மழைக்குறைவின் பங்கு எவ்வளவு, வாயுக்குறைவின் பங்கு எவ்வளவு? இந்த ஒரு விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

மாணவி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்படியானால் 6,000-க்கும் 3,500-க்கும் நடுவே வந்த வறட்சிக்கு இந்தச் சந்தேகம் பொருந்தாதே அக்கா? அப்போது காற்று இவ்வளவு மாறியிருக்காதே?” என்றாள். சரியான கேள்வி. அந்த இடைவெளியில் வாயுவின் அளவு பத்து லட்சத்தில் பத்து, பதினைந்து பங்குக்கு மேல் மாறவில்லை. அதுவும் கூடியதே தவிரக் குறையவில்லை. அங்கே சி4 பெருகியதற்கு வாயுவைக் காரணம் காட்ட முடியாது. ஒரே வளைகோடு, ஒரே அளவீடு. ஆனால் ஒரு மேட்டை ஒரு பங்கு நம்பலாம், இன்னொரு மேட்டை இரண்டு பங்கு நம்பலாம். மஞ்சள் மை பூசினால் இந்த வேறுபாடு தெரியாது.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பழைய கட்டுரைகளை எடுக்கும் முதலாண்டு மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பீட்டின் வயது கரிமம் 14-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. கதிர்க்கரிம ஆண்டு என்பதும் நாட்காட்டி ஆண்டு என்பதும் ஒன்றல்ல, ஏனென்றால் காற்றில் கரிமம் 14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரேபோல் இருந்ததில்லை. இன்று திருத்தம் செய்தே வெளியிடுகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் இவ்வளவு பழைய வயதுகளுக்கு அது வழக்கமாகியிருக்கவில்லை. திருத்தாத 11,000 கதிர்க்கரிம ஆண்டு என்பது நாட்காட்டியில் ஏறத்தாழ 12,900 ஆண்டுக்கு முன். இது தெரியாமல் பழைய கட்டுரையின் 11,000-ஐயும் புதிய பனிப்பாறைப் பதிவின் 11,000-ஐயும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 2,000 ஆண்டு பிசகும். கட்டுரையில் வயது வரும் இடத்தில் எல்லாம், இது எந்த ஆண்டு என்று ஓரத்தில் எழுதிக்கொள்வதற்கு அரை நிமிடம் போதும். ‘இன்றைக்கு முன்’ என்பதில் வரும் ‘இன்று’ 1950-ஆம் ஆண்டு என்பதும் அந்த அரை நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இதோடு இன்னொன்று. எல்லா அடுக்குக்கும் வயது எடுப்பதில்லை, செலவு அதிகம். சில ஆழங்களுக்கு மட்டும் எடுத்து நடுவே நேர்கோடு போடுவார்கள். பேச்சுக்கு, 40 சென்டிமீட்டரில் 3,000 ஆண்டு, 80-இல் 9,000 ஆண்டு என்றால் 60-க்கு 6,000 என்று எழுதுவார்கள். பீட் அந்த ஆறாயிரம் ஆண்டும் ஒரே வேகத்தில் படிந்திருந்தால்தான் அது சரி. நடுவில் சதுப்பு காய்ந்து சில நூறு ஆண்டு படிவே இல்லாமல் போயிருந்தால் 60 சென்டிமீட்டரின் வயது எங்கோ போய்விடும். வறட்சியைப் பற்றிய கட்டுரையில் இது வெறும் நுணுக்கம் இல்லை: வறண்ட காலத்தில்தான் படிவு நிற்கும். மேலிருந்து இறங்கும் புதிய வேர்கள் பழைய அடுக்குக்கு இளமை கூட்டுவதும் உண்டு. எனவே வயதுப் பட்டியலில் எத்தனை வரி இருக்கிறது, கட்டுரை பெரிதாகப் பேசும் காலத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதாவது நேரடியாக எடுத்தார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் இதற்கெல்லாம் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அவளுடைய மூன்று மாலைகளோடு ஒப்பிட்டால் குறைவுதான். நிறையத் தாண்டினோம். நிறை நிறமாலைமானி எப்படி வேலை செய்கிறது என்ற பக்கமே போகவில்லை. அளவீட்டுப் பிழை எவ்வளவு என்ற ஓர் எண்ணை மட்டும் தேடி எடுத்தோம். அது வளைகோட்டின் அலைகளைவிட மிகச் சிறியது, அதோடு கருவியை விட்டுவிட்டோம். கருவியின் உள்வேலை அவளுடைய ஆய்வுக்குத் தேவைப்படும் நாளில் அதற்கென்று வேறு கட்டுரை படித்துக்கொள்ளலாம்.

மறுநாள் ஒரு மணி நேரம் பின்னால் வந்தவர்களுக்கு ஒதுக்கினோம். பழைய கட்டுரையைப் படிப்பதில் உள்ள வசதி இது: பிறர் அதை என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். தேடலில் மேற்கோள் காட்டியவர்கள் பட்டியலைத் திறந்து, தலைப்பில் நீலகிரி இருப்பவற்றை மட்டும் பொறுக்கினாள். 1997-இல் அதே குழுவினர் கரன்ட் சயின்ஸ் இதழில் பதிவை 40,000 ஆண்டு வரை நீட்டியிருக்கிறார்கள். 2007-இல் கானேரும் உடன் ஆய்வாளர்களும் ஹோலோசீன் இதழில், பனியுக உச்சத்துக்குப் பிறகு நீலகிரி மேல்மலை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் மாறவில்லை, இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். இது அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் நனைவது, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்கில் நனைவது. ஒரு சதுப்பின் கதையை மலை முழுவதற்கும் நீட்டலாமா என்று அவள் கேட்டதற்கு, கட்டுரை வந்து பதினான்கு ஆண்டு கழித்து வேறொருவர் பதில் தேடியிருக்கிறார்.

கடைசியாக நோட்டில் அரைப் பக்கம் எழுதச் சொன்னேன், தாளைப் பார்க்காமல். முதலில் அந்த வரைபடத்தை நினைவிலிருந்து கையால் போட வேண்டும், அச்சுகளோடு. அது வரவில்லை என்றால் கட்டுரை படிக்கப்படவில்லை என்று பொருள். சொற்கள் நினைவிருப்பது கணக்கில் வராது. அவள் போட்டாள். பனியுகத்து மேட்டின் பக்கத்தில் ‘வறட்சியா, காற்றா?’ என்று எழுதினாள். 11,000-க்குப் பக்கத்தில் ‘கதிர்க்கரிம ஆண்டு, திருத்தம் பார்’. சி3 முனையில் ‘ஈரம், காடு அல்ல’. நான்கு கோடுகளில் மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது, ஈரத்திலிருந்து பருவமழைக்குப் போகும் கடைசிக் கோட்டுக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. மலையில் ஈரம் கூடியது தென்மேற்கு மழையாலா, வடகிழக்கு மழையாலா, அல்லது வெயில் தணிந்து ஆவியாதல் குறைந்ததாலா என்று கட்டுரையை வைத்து அவளால் சொல்ல முடியவில்லை. காலி இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டு, நாலரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.